95 நோட்டுக் கட்டு

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது பழைய பாஸ்புக்குகளுக்கு நடுவில் நாலு தாள் கடிதம் ஒன்று அகப்பட்டது. 1999 அக்டோபரில் என் மகனுக்கு நானே எழுதியது. அப்போது அவன் பிளஸ் ஒன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்கலாம். நேரில் பேசினால் நான் கத்துவேன், அவன் தலையைக் குனிந்துகொள்வான், விஷயம் அதோடு முடிந்துவிடும். அதனால் இரவு உட்கார்ந்து எழுதி அவன் மேஜையில் வைத்தேன்.

"இதைப் போடலாமாடா?" என்று போனில் கேட்டேன். "போடுங்கப்பா, என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றான். கடிதத்தை அப்படியே தருகிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மத்தியானம் உன் கிளாஸ் வாத்தியார் செக் மாற்ற பேங்குக்கு வந்திருந்தார். "பெற்றோர் கூட்டத்துக்கு வரலையே சார்" என்றார். கூட்டம் ரத்தாகிவிட்டது என்று நீ அம்மாவிடம் சொல்லியிருந்தாய். சாயங்காலம் உன் ரேங்க் கார்டை எடுத்துப் பார்த்தேன். கணக்கில் 200க்கு 52. அதற்குக் கீழே என் கையெழுத்து. அதற்கு முந்தைய தேர்விலும் என் கையெழுத்து. இரண்டும் நான் போட்டவை அல்ல.

இருபது வருஷமாகக் கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. நீ நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். சொல்லப்போனால் நான் போடுவதைவிட அழகாக. அதில்தான் மாட்டிக்கொண்டாய். சொந்தக் கையெழுத்தை யாரும் பார்த்துப் பார்த்துப் போடுவதில்லை. பேனா ஓடும், ஓரிடத்தில் அழுத்தும், ஓரிடத்தில் மெலியும், கடைசிச் சுழி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். பார்த்து வரைகிறவன் மெதுவாக வரைவான். கோடு முழுக்க ஒரே அழுத்தமாக இருக்கும். நடுவில் பேனாவைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்த இடம் தெரியும். உன் கார்டில் அப்படி மூன்று இடம் இருக்கிறது.

உன்னை அடிக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். உன் அம்மாவைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

1986 நவம்பர். ஈரோடு பக்கத்தில் ஒரு சின்னக் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். உனக்கு மூன்று வயது. நீயும் அம்மாவும் கரூரில் பாட்டி வீட்டில் இருந்தீர்கள். ஒரு நாள் சாயங்காலம் கணக்கை முடித்தால் 500 ரூபாய் குறைகிறது. நூறு ரூபாய் நோட்டு உதிரியாக 100 இருக்க வேண்டும், 95தான் இருந்தது. மூன்று முறை எண்ணினேன். அன்று என் கைக்கு வந்த மாதச் சம்பளம் 1,300 சொச்சம்.

பணம் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. அன்றே மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைப் புத்தகத்தில் எழுதுவார். குறைந்த தொகையை நான் கட்ட வேண்டும். நான் சொல்லவில்லை. கூச்சம். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத கிளை. சம்பளம் வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. வந்ததும் ஐந்து நோட்டை வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அந்த 95 நோட்டையும் ஒன்றாக அடுக்கி, பின் அடித்து, மேலே நூறு நோட்டு என்று ஸ்லிப் ஒட்டி, என் இனிஷியலைப் போட்டேன். மேனேஜர் இரவு பெட்டியைப் பூட்டும்போது உதிரி நோட்டைத்தான் ஒவ்வொன்றாக எண்ணுவார். கட்டு என்றால் எத்தனை கட்டு என்று மட்டும் பார்ப்பார். கணக்கு டாலி. கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தேன்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. ஒரு முறை செய்தேன், முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் காலை பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டைத் தேடினேன். அது வெளியே போய்விடக் கூடாது. வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது. அடியில் வைத்தேன். சாயங்காலம் மறுபடி அடியில். தினமும் இரண்டு வேளை. ஐந்து நோட்டுக் குறைச்சலை அன்றே எழுதியிருந்தால் அது அந்த நாளோடு போயிருக்கும். எழுதாததால் தினமும் அதை முன்பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் வெல்லமண்டிக்காரர் ஒருவர் வந்தார். நேராக மேனேஜர் அறைக்குப் போனார். "ஏனுங்க, அன்னிக்கு 4,500 எடுத்தனுங்க. எங்க கணக்குல 500 ஜாஸ்தி வருது. இங்க ஏதாச்சும் குறைஞ்சுதுங்களா?" என்று கேட்டார். எனக்குக் கேட்கிறது. டோக்கனை வாங்கிக்கொண்டு 45 நோட்டுக்குப் பதில் 50 நோட்டு கொடுத்திருக்கிறேன். மேனேஜர் அந்தத் தேதியைப் புரட்டிப் பார்த்தார். "இல்லீங்க, அன்னிக்கு எங்க கேஷ் சரியா இருக்கு. உங்க கடையிலதான் எங்கயோ வரவு எழுத விட்டிருப்பாங்க, பாருங்க" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படித்தானே?" என்றார். நான் தலையாட்டினேன்.

என் 500 ரூபாய் தானாக நடந்து வாசலுக்கு வந்தது. நான் எழுதி வைத்த பொய்க் கணக்கே அதைத் திருப்பி அனுப்பியது. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆனால் அதை நினைத்து இன்று எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. அந்த மண்டியில் பல வருஷமாக ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். பேங்க் சொல்லிவிட்டதே, அப்படியென்றால் தப்பு கடையில்தான் என்று முதலாளி அவரைக் கேட்க ஆரம்பித்தார். யாரிடம் வாங்கினாய், ஏன் எழுதவில்லை என்று. அந்த மனிதர் ஒரு வாரம் சந்தேகத்துக்கு ஆளானார். அவர் முகத்தைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் கரூரிலிருந்து பேங்குக்குப் போன் வந்தது. உனக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். உடனே வரச் சொல்லி அம்மா அழுதாள். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனால் நான் லீவு போட்டால் கேஷை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்குகிறவர் ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "இன்ஸ்பெக்‌ஷன் நடக்குது, வர முடியாது" என்றேன். எந்த இன்ஸ்பெக்‌ஷனும் நடக்கவில்லை. முதல் பொய் பேங்குக்கு, இரண்டாவது மண்டிக்காரருக்கு, மூன்றாவது உன் அம்மாவுக்கு. அன்று இரவு ஆஸ்பத்திரியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பேங்க் திறந்ததும் கட்டைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவரே எண்ணினார். 95. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வவுச்சரோட போயிருக்கும். இப்ப நான் மேல எழுதாம இருக்க முடியாது" என்றார். கேஷை வேறு ஆளிடம் ஒப்படைக்கச் சொல்லி, மத்தியான பஸ்ஸுக்கே என்னைக் கரூருக்கு அனுப்பினார்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. கேஷ் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதற்கான அலவன்ஸ் போயிற்று. உண்மையைச் சொன்னதற்கு யாரும் என்னைப் பாராட்டவில்லை. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். திரும்பி வந்ததும் மண்டிக்குப் போய், முதலாளி முன்னால் அந்தக் கணக்குப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். மண்டிக்காரர் 500 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். கணக்குப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை, எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவும் இல்லை. அதற்கு நான் தகுதியானவன்தான்.

அந்தக் கட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனி. சம்பளம் வரும்வரை காத்திருந்தால் ஐந்து நோட்டை வைத்து மூடியிருப்பேன். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வாய் என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிறையப் பேர் மாட்டுவதில்லை. ஆனால் மாட்டாத அந்தப் பத்து நாளில்தான் நான் என் பணத்தை வாசலில் நிறுத்தி அனுப்பினேன், ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கினேன், உன்னைப் பார்க்க வராமல் இருந்தேன்.

இப்போது உன் கார்டுக்கு வருகிறேன். முதல் முறை நீ கையெழுத்துப் போட்டபோது ஒரு தடவைதான் என்று நினைத்திருப்பாய். ஆனால் அடுத்த கார்டில் நான் உண்மையாகக் கையெழுத்துப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் அதையும் நீயே போட வேண்டியதாயிற்று. பிறகு நான் வாத்தியாரைப் பார்க்கக் கூடாது, அதனால் கூட்டம் ரத்தானது. வாத்தியாரோ, மகன் 52 வாங்கியதைப் பார்த்தும் கண்டுகொள்ளாத அப்பன் என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தால் டியூஷனுக்கு அனுப்பியிருப்பேன், அல்லது காலையில் எழுந்து உன்னோடு உட்கார்ந்திருப்பேன். உனக்கு வர வேண்டிய உதவியை நீயே வாசலோடு அனுப்பிவிட்டாய்.

இதில் என் பங்கும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்குக்காக நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. இந்த வீட்டில் உண்மையின் விலையை நான்தான் ஏற்றி வைத்தேன். எனக்குப் பயந்து மேனேஜர் முன்னால் நின்ற என்னைப் போலவே நீ நின்றிருக்கிறாய். இனி மார்க்குக்காகச் சத்தம் போட மாட்டேன். போட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு.

நாளைக் காலை பள்ளிக்கு நானும் வருகிறேன். வாத்தியாரிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். தண்டனை ஏதாவது இருக்கும், வாங்கிக்கொள். எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. இன்று கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது, "ஆபீஸ்ல வேலை சார்" என்று வாயில் வந்துவிட்டது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னது. நீ சொல்லி முடித்ததும் என்னுடையதை நான் சொல்கிறேன்.

அப்பா

கடிதம் இவ்வளவுதான். மறுநாள் இருவரும் போனோம், இருவரும் சொன்னோம். இப்போது ரிசர்வ் வங்கி, முக்கியமான பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியர்களை வருஷத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ச்சியாக 10 வேலை நாளாவது லீவில் அனுப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. எதையாவது மறைத்து வைத்திருக்கிறவனால் நாற்காலியை விட்டு நகர முடியாது, அவன் நகர்ந்தால் அது தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கட்டும், கரூர் ஆஸ்பத்திரியும் ஞாபகம் வந்தன.