முதல் ஆயிரம் பேர்: எண்ணிக்கை முதலில் வராது

புதிதாக இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கும் எவருக்கும் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான்: எப்படியாவது ஆயிரம் பேரைச் சேர்த்துவிடு, நிஜமான ஆட்கள் பிறகு தானாக வருவார்கள். வழிகளையும் கூடவே சொல்லிக் கொடுப்பார்கள். சொந்தக்காரர்கள் அனைவரையும் சேர், 'நீ என்னைத் தொடர், நான் உன்னைத் தொடர்கிறேன்' என்கிற குழுக்களில் நுழை, நாளுக்கு மூன்று ரீல் போடு, ஹேஷ்டேக்குகளை அள்ளிப் போடு. விளம்பரத்துக்குக் காசில்லாதவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். அவர்களுடைய மாதக்கணக்கான உழைப்பு இப்படிக் கரைவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு பக்கத்தை வைத்தே பேசுவோம். சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு பக்கம் தொடங்குகிறார் என்று கொள்வோம். பின்தொடர்பவர் ஒருவரும் இல்லை, செலவழிக்கப் பணமும் இல்லை.

'எண்ணிக்கை இருந்தால்தான் பதிவு பரவும்' என்பது முதல் வாதம். ரீல் விஷயத்தில் இது உண்மையல்ல. ஒரு ரீலை முதலில் அதை விரும்பக்கூடிய சிறு கூட்டத்துக்குக் காட்டுகிறோம், அவர்கள் அந்தப் பக்கத்தைத் தொடர்கிறார்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, நன்றாகப் போனால் வட்டத்தைப் பெரிதாக்குகிறோம் என்று 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமே அறிவித்தது. புதிய பக்கத்துக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. 'நீ என்னைத் தொடர்' குழுக்களிலிருந்து 600 பேர் வந்தாலும் அந்தக் கதவுக்கு உதவமாட்டார்கள். செடியே வளர்க்காத அவர்கள் பதிவைத் தள்ளிவிட்டுப் போவார்கள். இதைவிடப் பெரிய நஷ்டம், உங்கள் கணிப்பு கெட்டுப்போவது. மிளகாய்ச் செடியின் இலைச்சுருட்டல் பற்றிய பதிவை 600 பேரில் ஏழு பேர் விரும்பினால், பதிவு மோசமா, வந்த ஆட்கள் தவறா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. சரியான ஆட்கள் நாற்பது பேர் மட்டும் இருந்து அதே ஏழு பேர் விரும்பியிருந்தால், எந்தப் பதிவு வேலை செய்கிறது என்று அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டாவது வாதம், 'நிறையப் போடு'. பதிவுகளை வரிசைப்படுத்துவதில் எவை முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே தொடர்பவர்களிடம் விருப்பக்குறிக்கும், புதியவர்களைச் சென்றடைவதில் அனுப்புதலுக்கும் எடை சற்றுக் கூடுதல் என்றும் சொன்னார். பின்தொடர்பவரே இல்லாத பக்கத்துக்கு எல்லோரும் புதியவர்கள்தான். ஆகவே எத்தனை ரீல் போட்டோம் என்பதைவிட, இதை யார் யாருக்கு அனுப்புவார்கள் என்ற கேள்விதான் பெரிது.

'இன்று என் மாடியில் பூத்த ரோஜா' ரீலைப் பார்ப்பவர் ரசிப்பார், ஆனால் யாருக்கு அனுப்புவார்? இன்னொரு ரீலை யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஆழ்குழாய் நீரை நம்பி இருக்கும் பலருக்கு உவர்நீர்தான் தொல்லை. இலை நுனி கருகுகிறது, செடி வளரும் பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறது. தண்ணீரைச் சிக்கனப்படுத்துகிறோம் என்று ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. ரீலின் முதல் நொடியிலேயே டிடிஎஸ் மீட்டர் குழாய் நீரில் இறங்குகிறது: 1,200. அடுத்து ஆர்.ஓ. கழிவுநீரில்: 1,700. இயந்திரம் உப்பை நல்ல நீரிலிருந்து பிரித்து இந்த நீரில் சேர்ப்பதால் இப்படி ஏறுகிறது என்று ஒரு வரி. இதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், மழை பெய்யும்போது பையின் அடித்துளை வழியாக நீர் ஓடும்வரை நனையவிட்டு உப்பைக் கழுவுங்கள் என்று இன்னொரு வரி. இருபது நொடியில் முடிந்துவிடும். பார்ப்பவர் இதை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கோ, கழிவுநீரை ஊற்றும் அக்காவுக்கோ அனுப்புவார். பெறுகிறவரும் செடி வளர்க்கிறவராகவே இருப்பார். வாரத்துக்கு இப்படி ஒன்று தயாரிப்பதற்கே உழைப்பு வேண்டும். நாளுக்கு மூன்று போடுகிறவருக்கு இதை யோசிக்க நேரமே இருக்காது.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். கடன், குழந்தையின்மை போன்றவற்றைப் பற்றிய பதிவை யாரும் குழுவில் போடமாட்டார்கள், தனியாகச் சேமித்து வைப்பார்கள். அங்கே சேமிப்பு எண்ணிக்கையைத்தான் பார்க்கவேண்டும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் வரும்.

ஹேஷ்டேக் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையே 2024 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் நீக்கிவிட்டது. அதைவிடப் பயனுள்ளது பக்கத்தின் பெயர்ப் பகுதி, ஏனென்றால் தேடலில் அது அகப்படும். அங்கே 'சென்னை மாடித்தோட்டம்' என்று இருந்தால் போதும். கவித்துவமான பெயரை யாரும் தேடமாட்டார்கள்.

எண்ணிக்கையைத் துரத்துவதற்கு நேர் எதிரான முகாம் ஒன்றும் உண்டு: 'பதிவு நன்றாக இருந்தால் தானாகப் பரவும்'. இதையும் நான் ஏற்கவில்லை. முதல் நூறு பேரை நாமே போய்த்தான் அழைத்து வரவேண்டும். முதலில் ஆறேழு பதிவுகளைப் போட்டு வையுங்கள். எட்டிப் பார்ப்பவருக்கு இது எதைப் பற்றிய பக்கம் என்று ஒரே பார்வையில் புரியவேண்டும். பிறகு, பெரிய தோட்டப் பக்கங்களில் பதில் கிடைக்காமல் கிடக்கும் கேள்விகளைத் தேடுங்கள். 'வெண்டைப் பூ உதிர்கிறது, என்ன செய்ய?' என்று ஒருவர் கேட்டிருப்பார். வெயிலா, தண்ணீர்க் குறைவா, பூச்சியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என அங்கேயே முழுப் பதிலையும் எழுதுங்கள். 'என் பக்கத்துக்கு வாருங்கள்' என்று சேர்த்தால் அது விளம்பரமாகிவிடும். நல்ல பதிலைப் படித்தவர்கள் எழுதியவரின் பெயரைத் தாங்களே தட்டிப் பார்ப்பார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் தொடரும் நாற்றங்கால்காரர் ஒருவருடன் கூட்டுப்பதிவு போட்டால் அவரைத் தொடர்கிறவர்களுக்கும் அது போகும். லட்சம் பேர் தொடரும் பக்கத்துக்கு நீங்கள் எழுதினால் பதில் வருவது அரிது. நாற்றங்கால்காரரோ பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார். ஆடி மாதத்து விதைப் பரிமாற்றக் கூட்டத்துக்குப் போனால், விதைப்பொட்டலத்தின் மேல் உங்கள் பக்கத்தின் கியூஆர் குறியீட்டை ஒட்டிக் கொடுங்கள். விதைத்தவருக்கு அது முளைக்காதபோது கேள்வி வரும், அந்த நேரம் பொட்டலம் அவர் கையில் இருக்கும்.

வழி சரிதானா என்பதைத் தொழில்முறைக் கணக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் புள்ளிவிவரப் பகுதியில் பார்க்கலாம். ஒரு ரீலை 4,000 புதியவர்கள் பார்த்து, 120 பேர் பக்கத்துக்கு வந்து, 12 பேர் தொடர்ந்தார்கள் என்று வையுங்கள். இன்னொன்றை 900 பேர்தான் பார்த்தார்கள், 90 பேர் வந்தார்கள், 35 பேர் தொடர்ந்தார்கள். பலர் முதலாவதைப் போலவே அடுத்ததையும் எடுப்பார்கள். எடுக்கவேண்டியது இரண்டாவதைப் போலத்தான். நிறையப் பேர் பக்கத்துக்கு வந்தும் தொடரவில்லை என்றால் கோளாறு பக்கத்தின் முகப்பில் இருக்கிறது: அறிமுக வரி புரியவில்லை, அல்லது மற்ற பதிவுகள் வேறு எதையோ பேசுகின்றன. பக்கத்துக்கே யாரும் வரவில்லை என்றால் கோளாறு ரீலில் இருக்கிறது.

இந்த வழியில் ஆயிரம் பேர் சேர மாதங்கள் ஆகும். முந்நூறு, நானூறில் எண்ணிக்கை நின்றுபோவதும் நடக்கும். அப்போது புதுத் தந்திரத்தைத் தேடி ஓடாமல், வந்திருக்கும் தனிச்செய்திகளையும் கருத்துகளையும் ஒரு தாளில் எழுதி, ஒரே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேருக்கு மேல் கேட்ட கேள்வி எதுவோ, அடுத்த ரீல் அதற்கான பதில்.