நெல்லிக்காயளவு வெல்லம்

சென்ற மார்கழியில், கொல்கத்தா லேக் மார்க்கெட் அருகே வசிக்கும் நண்பர் இல்லத்தில் நாம் கண்டது, நேயர்களுக்குச் சிறுகதையாகவே தோன்றக்கூடும்.

பாட்டியார் காலமான பின் அவ்வீட்டில் புளிக்காய்ச்சல் தாத்தாவின் பொறுப்பு. அன்று பன்னிரண்டு வயதுப் பேரன் கற்க முன்வந்தான். 200 கிராம் புளி வெந்நீரில் ஊறிக் கெட்டியாகக் கரைந்திருந்தது. வெந்தயம் வறுக்கையில் தாத்தா கண்ணை நம்பவில்லை, மூக்கை நம்பினார்.

"மணம் எழுந்ததும் இறக்கிவிடு. கருகினால் முழுவதும் கசந்துவிடும்."

நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கரைசலை ஊற்றினர். மஞ்சளும் உப்பும் சேர்ந்தன. ஐந்தே நிமிடத்தில் பையன், "ஆயிற்றா, தாத்தா?" என்றான்.

"கரண்டியால் கீறிப் பார். கீறிய வழி மூடாமல் நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். நீர் தங்கினால் பூசணம் பிடிக்கும்."

முக்கால் மணி நேரம் சென்றது. தாத்தா வெந்தயப் பொடியை எடுக்கத் திரும்பிய வேளையில், பேரன் ஈச்ச வெல்லத்தில் நெல்லிக்காயளவு கிள்ளிப் போட்டுவிட்டான். வங்காளத்தில் குளிர்காலத்தில் வரும், புகைமணம் கமழும் வெல்லம் அது. பாட்டியின் முறையில் வெல்லமே கிடையாது. (நம் இல்லத்தில் உண்டு, அதை அங்கே சொல்ல நாம் துணியவில்லை.)

சோற்றில் பிசைந்து ஒரு வாய் உண்ட தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பையன் முகம் வாடிவிட்டது.

"எவ்வளவு போட்டாய்?"

"நெல்லிக்காயளவு, தாத்தா."

பழைய குறிப்பேட்டை எடுத்து வந்தார். பாட்டி மையில் எழுதியிருந்ததன் கீழே, பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டார்.