மாமன் மடியும் மாமன் சீரும்

காதணி விழாவில் ஊசி செவியைத் தொடும் நொடியில் குழந்தை யார் மடியில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐயம் எழுவதில்லை. தந்தை அருகில் நின்றாலும் மடி தாய்மாமனுடையது. பெண் பூப்பெய்தியதும் பச்சைத் தென்னங்கீற்றால் குடிசை கட்டித்தருவதும், மணநாளில் மணமக்கள் நெற்றியில் பட்டம் கட்டுவதும் பல சமூகங்களில் அவருக்குரிய கடமைகள். மடியோடு சீரும் வருகிறது. மஞ்சள், குங்குமம், பூ, பழம், வளையல், பட்டாடை ஆகியவற்றைத் தட்டுகளில் ஏந்தி, மேளம் முழங்க மாமன் வீட்டார் தெருவில் நடந்து வருவர். தட்டுகளின் நடுவே ஒரு சிறு பெட்டியில் பொன் இருக்கும். ஊரார் கண்கள் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்.

இச்சீர் வெறும் அன்பளிப்பன்று. மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் சமூகத்திடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் வெளியிட்ட நூலில் இதன் உட்பொருளை விளக்கினார். திருமணத்தின்போது பெண்வீட்டிலிருந்து தொடங்கும் கொடை அன்றோடு முடிவதில்லை. அடுத்த தலைமுறையில் அதுவே தாய்மாமன் சீராகத் தொடர்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லலாம். தந்தையின் நிலம் மகன்களுக்கே சென்ற காலத்தில், பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குத் தவணை முறையில் வந்த பங்கே சீர். உடன்பிறந்தாள் அதை எதிர்பார்த்ததில் பேராசை ஏதுமில்லை. உடன்பிறந்தான் கொடுத்ததில் பெருந்தன்மையும் பெரிதாக இல்லை.

பின்னர்ச் சட்டம் மாறியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையை அளித்தது. அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அவ்வுரிமை இல்லை. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. உரிமை வந்தபின் சீர் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் தேயவில்லை. ஏன் என்பதற்கு விடை தேட இருங்காட்டுக்கோட்டை தக்க இடம்.

அவ்வூரில் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. நெல் விளைந்த நிலம் சென்ட் கணக்கில் விலை பேசப்பட்டது. இப்பகுதியில் தந்தை விட்டுச்சென்ற 90 சென்ட் நிலத்துக்கு ஓர் அண்ணனும் இரு தங்கையரும் மட்டுமே வாரிசுகள் என்று கொள்க. சட்டப்படி ஆளுக்கு 30 சென்ட். நிலத்தை விற்கும் நாளில் தங்கையர்முன் விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. அதில் கையொப்பமிட்டால் அவர்களது பங்கு அண்ணனைச் சேரும். மறுத்தால், "நாளை உன் பிள்ளைக்கு மாமன் சீர் யார் செய்வார்?" என்ற கேள்வி எழும். தங்கை கணக்குப் பார்க்கத் தெரியாதவள் அல்லள். இரு பிள்ளைகளின் காதணி, மஞ்சள் நீராட்டு, திருமணம் என எல்லாச் சீரையும் கூட்டினாலும் சாலையோர நிலத்தில் ஒருசில சென்ட் விலைக்கு மேல் வராது என்பதை அவள் அறிவாள். இருந்தும் கையொப்பமிடுகிறாள். சபையில் மாமன் இடம் வெறுமையாய்க் கிடப்பதை அவள் மனம் தாங்காது. பங்குக்கு ஈடாக இருந்த சீர், இங்கே பங்கைக் கைவிடுவதற்கான விலையாகிறது.

நிலமே இல்லாத அண்ணனின் துன்பம் வேறு வகையானது. அதே தொழிற்சாலைச் சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக மாதச் சம்பளம் பெறுபவருக்கு, கொடுக்க வேண்டிய பங்கு எதுவுமில்லை. சீர் மட்டும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஒரு பவுன் பொன் 4,000 ரூபாய்க்கும் குறைவு. 2025இல் அது 70,000 ரூபாயைக் கடந்தது. பவுன் என்பது 8 கிராம். அரைப் பவுன் மோதிரத்துக்கே சம்பளம் முழுவதும் போய்விடும். மொய் நோட்டில் மாமன் பெயரே முதல் வரியில் எழுதப்படுவதால் குறைத்துச் செய்யவும் கூசுகிறார். மனைவியின் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. அந்நகையும் அவளது அண்ணன் செய்த சீராகவே இருக்கக்கூடும். வட்டி ஏறியபின் அடுத்த தங்கையின் அழைப்பிதழ் வந்தால், வேலை நேரத்தைக் காரணம் காட்டி விழாவுக்கே வராமல் இருந்துவிடுகிறார். ஊரார் அதைச் செருக்கு என்பர். உண்மையில் அது நாணம்.

ஆகவே சீரை அடியோடு ஒழிக்க வேண்டும் என்போர் பாதியே சரி. ஒழிய வேண்டியது மடியோடு பொன்னைப் பிணைக்கும் முடிச்சு. நிலம் உள்ள வீட்டில் தங்கையின் 30 சென்ட் அவள் பெயரில் பதிவாகட்டும். அதன்பின் அண்ணன் தரும் பட்டாடை பட்டாடையாக மட்டுமே இருக்கும். நிலமில்லாத வீட்டில் தங்கையே முந்திக்கொண்டு, "பூவும் பழமும் போதும் அண்ணா, நீ வந்து உட்கார்" என்று அழைப்பிதழ் தரும்போதே சொல்லிவிடலாம். அச்சொல் அவள் வாயிலிருந்து வந்தால்தான் அவர் நாணமின்றி வருவார். குழந்தைக்கோ ஊசி குத்தும்போது இறுகப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அக்கை எத்தனை பவுனோடு வந்தது என்பதை அது அறியாது.