புதுச் சேனலுக்கு ஏன் ஒரு நாள் காத்திருப்பு?

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரியில் துறை விழா. வர முடியாத பெற்றோரும், வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களும் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்ற யோசனை வெள்ளிக்கிழமை மாலைதான் உதிக்கிறது. ஆறு மணிக்கு யூடியூப்பில் துறையின் பெயரில் ஒரு சேனல் தொடங்குகிறார்கள். ஆறு பத்துக்கு ஒருவருடைய செல்பேசி எண்ணைக் கொடுத்து, வந்த குறியீட்டை இட்டு, சேனலை உறுதி செய்கிறார்கள். ஆறேகாலுக்கு Create, Go live என்று அழுத்தினால் அங்கே காத்திருக்கிறது அதிர்ச்சி! நேரடி ஒளிபரப்பு வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாமாம். அதாவது சனிக்கிழமை மாலை ஆறேகால். விழாவோ மதியம் ஒரு மணிக்கே முடிந்துவிடும்.

அப்புறம் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் இணைய இணைப்பைத் திட்டுவார். இன்னொருவர் ஓபிஎஸ் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார். மூன்றாமவர் "வேறொரு சேனல் திறந்தால் என்ன?" என்பார். மூன்றுமே வீண் வேலை. காத்திருப்பது சேனல், கணினியோ இணையமோ அல்ல. ஓபிஎஸ்ஸில் இட வேண்டிய ஸ்ட்ரீம் கீ கொண்ட பக்கமே இன்னும் திறக்கவில்லை என்றால், பழுது மென்பொருளில் இல்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம். புதுச் சேனல் திறந்தால் அதற்கும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். போதாததற்கு, ஒரு செல்பேசி எண்ணைக் கொண்டு ஆண்டுக்கு இரண்டு சேனல்களைத்தான் உறுதி செய்ய முடியும்.

இது யூடியூப்பின் வீண் பிடிவாதமா? இல்லை என்பதே சரியான பதில். அதைப் புரிந்துகொள்ள, பதிவேற்றும் வீடியோவுக்கும் நேரடி ஒளிபரப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு வீடியோவைப் பதிவேற்றும்போது, அதை வெளியிடும் முன்பே காப்புரிமைச் சோதனை நடக்கிறது. கணினிக்கு முழு வீடியோவும் கையில் இருக்கிறது. நேரடி ஒளிபரப்பில் அப்படி எதுவும் இல்லை. அடுத்த நிமிடம் திரையில் என்ன வரும் என்பது ஒளிபரப்புபவருக்கு மட்டுமே தெரியும். தவறானது வந்த பிறகுதான் நிறுத்த முடியும். முன்கூட்டியே நிறுத்திப் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று. அது ஒளிபரப்ப வரும் ஆள்.

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஓவர் ஆட்டம் சுமார் மூன்றரை மணி நேரம். உரிமை இல்லாமல் அதைத் திருட்டுத்தனமாக ஒளிபரப்ப நினைப்பவருக்கு அந்த மூன்றரை மணி நேரம்தான் சந்தை. மறுநாள் அதே காட்சிக்கு மதிப்பில்லை. காத்திருப்பே இல்லாவிட்டால் அவர் டாஸ் போடும்போது ஒரு சேனல் திறப்பார். அதை மூடினால் ஐந்தே நிமிடத்தில் அடுத்ததைத் திறப்பார். இதற்கு முடிவே கிடையாது. ஒரு நாள் காத்திருப்பு இருந்தால், இரண்டாவது சேனல் தயாராகும்போது ஆட்டம் முடிந்து கோப்பையும் கொடுத்திருப்பார்கள். நேர்மையானவருக்கு அந்த ஒரு நாள் ஒரே ஒரு முறை வரும் எரிச்சல். வசதி கிடைத்தபின் நினைத்த நேரத்தில் ஒளிபரப்பலாம். ஏமாற்றுபவருக்கோ ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் அந்த நாள் திரும்பத் திரும்ப வரும்.

இதைவிடக் கொடுமையான உதாரணமும் உண்டு. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அந்தத் தாக்குதலை ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரடியாக ஒளிபரப்பினான். நேரடியாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. முதல் புகார் வந்ததே ஒளிபரப்பு முடிந்து 12 நிமிடம் கழித்துத்தான். அடுத்த 24 மணி நேரத்தில் அந்த நிறுவனம் நீக்க வேண்டியிருந்த பிரதிகள் 15 லட்சம்! ஒரு நாள் காத்திருப்பு மட்டும் அவனைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நேரடி ஒளிபரப்பில் புகார் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை அது காட்டிவிட்டது. 2024 ஜூன் முதல் ஃபேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்ப, கணக்குக்கு 60 நாள் வயதும் 100 பின்தொடர்வோரும் வேண்டும். அதோடு ஒப்பிட்டால் யூடியூப்பின் ஒரு நாள் ரொம்பவே தாராளம்.

ஆனால் இந்தப் பூட்டுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. திருடனுக்குப் புது வீடு கட்ட நேரமில்லை என்றால், கட்டிய வீட்டைத் திருடுவான். யூடியூபர்களின் கணக்குகளைத் திருடி விற்கும் கும்பல்களைப் பற்றி கூகுள் 2021 அக்டோபரில் விரிவாக எழுதியது. சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு சேனல் 3 டாலரிலிருந்து 4000 டாலர் வரை விலைபோனதாம். அப்படித் திருடிய சேனல்களில் பிட்காயின் மோசடியை நேரடியாக ஒளிபரப்பினார்கள். ஏற்கெனவே வசதி பெற்ற சேனலுக்கு ஏது காத்திருப்பு? ஆக, இது அவசரத் திருடனைத் தடுக்கும். திட்டமிட்ட திருடனைத் தடுக்காது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளும் அப்படித்தான். அதற்காக யாரும் தாழ்ப்பாள் போடாமல் தூங்குவதில்லையே!

யூடியூப்பின் மேல் குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில். விதி சரி, அதைச் சொல்லும் நேரம்தான் தவறு. சேனல் தொடங்கும்போதே "ஒளிபரப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள்" என்று ஒரு வரி போடலாம். விதி உதவிப் பக்கத்தில் இருக்கிறது என்பது பதில் ஆகாது. அவசரத்தில் இருப்பவர் உதவிப் பக்கத்தையா முதலில் படிப்பார்?

அந்த மாணவர்கள் வெள்ளி இரவு செய்யக்கூடியது என்ன? ஏற்கெனவே நேரடி ஒளிபரப்பு செய்துகொண்டிருக்கும் கல்லூரிச் சேனல் இருந்தால், அதன் பொறுப்பாளரிடம் கேட்டு அதில் நடத்தலாம். அதுவும் இல்லையென்றால் விழாவைப் பதிவு செய்து அன்றே பதிவேற்றலாம். எண்ணை உறுதி செய்துவிட்டதால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவுக்கும் தடையில்லை. சிலருக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வசதி கிடைத்துவிடலாம்; ஆனால் அதை நம்பி அழைப்பிதழில் இணைப்பைப் போடக் கூடாது. செல்பேசியிலிருந்தே ஒளிபரப்பத் திட்டமிட்டால் 50 சந்தாதாரர்களும் வேண்டும் என்பது இன்னொரு பொறி.

அடுத்த விழாவுக்கு வழி சுலபம். ஒரு வாரம் முன்பே சேனலைத் திறந்து, Go live பொத்தானை அழுத்தி விண்ணப்பித்துவிட வேண்டும். சேனல் திறந்ததோடு விட்டால் கடிகாரம் ஓடாது. மறுநாள் யாருக்கும் தெரியாத Private ஒளிபரப்பு ஒன்றை ஐந்து நிமிடம் நடத்தி, படமும் ஒலியும் சரியா என்று பார்த்துவிடலாம். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் முந்திய வாரமே சொல்லிவைக்கிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.