தெர்மாகோல் வீட்டில் பெய்யாத மழை

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போய்ப் பழகியவர்கள், அரங்குக்குள் நுழையுமுன்பே பாதிப் பட்டியலைச் சொல்லிவிடுவார்கள். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிய எரிமலை, பாட்டிலை வெட்டி மணலும் கரியும் அடுக்கிய வடிகட்டி, இருட்டினால் தானே எரியும் தெருவிளக்கு, கூரையிலிருந்து ஸ்ட்ரா வழியே தண்ணீர் இறங்கும் தெர்மாகோல் வீடு. இதில் மாணவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் மையக் கருத்தும் துணைத் தலைப்புகளும் மேலிருந்து வருகின்றன. தண்ணீர் பற்றி ஒரு தலைப்பு இருந்துவிட்டால், சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் வெள்ளிமலையிலும் ஒரே வீடுதான் எழும்பும்.

தலைப்பு தேய்ந்துபோனதா என்று பார்க்க வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு கேள்வி போதும்: இந்தச் செய்முறையின் முடிவு வேறு மாதிரி வந்திருக்க வழி உண்டா? ஸ்ட்ராவில் ஊற்றிய தண்ணீர் கீழேதான் வரும். சோடாவும் வினிகரும் பொங்கத்தான் செய்யும் (அதற்கும் எரிமலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம்). முன்கூட்டியே தெரிந்த முடிவில் மாணவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

அதற்காக மழைநீர் சேகரிப்பையே கைவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. எப்படிக் கட்டுவது என்று இனி யாருக்கும் காட்ட வேண்டாம். கட்டிய குழி தண்ணீரைக் குடிக்கிறதா என்பதுதான் பெரும்பாலான பள்ளிகளில் யாரும் அளந்து பார்க்காத சங்கதி.

அளக்கச் செலவு அதிகமில்லை. 15 செ.மீ. விட்டமுள்ள தகர டின்னின் இரு முனைகளையும் வெட்டிவிட்டு, மண்ணில் 5 செ.மீ. ஆழம் நேராக இறக்க வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் 440 மி.லி. தண்ணீர் ஊற்றித் தாளை மெல்ல உருவ வேண்டும். அது ஏறக்குறைய 25 மி.மீ. மழைக்குச் சமம். தாள் இல்லாமல் ஊற்றினால் மண் கலங்கி, துளைகள் அடைபட்டுக் கணக்கு கெடும். முதல் ஊற்றலைக் காய்ந்த மண் சட்டென்று உறிஞ்சிவிடும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது ஊற்றல் மறைய ஆகும் நேரமே நமக்கு வேண்டிய அளவு. டின்னின் வெளிப்புறம் ஈரம் கசிந்தால் டின் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். இடம் மாற்றி மறுபடி செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மைதானத்தில் இரண்டாவது ஊற்றலுக்கு 40 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்குச் சுமார் 37 மி.மீ. கூரை 100 சதுர மீட்டர்; ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. மழை. சிந்தியது சிதறியது போக, குழிக்கு 2,400 லிட்டர் வந்து சேரும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஜல்லி நிரப்பிய குழியில் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் ஏறத்தாழ 600 லிட்டர். அந்த வேகத்தில் குழியின் அடிமண் குடிப்பது மணிக்கு 37 லிட்டர்தான். பக்கச் சுவர்கள் இன்னும் கொஞ்சம் குடித்தாலும், கால் மணி நேரத்தில் குழி நிரம்பி மீதி மழை வாசலில் ஓடும். எந்தத் தெர்மாகோல் வீடும் இதைச் சொல்லாது.

மேல்மண்ணில் எடுத்த அளவு குழியின் அடிமண்ணுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் மாணவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மழை விட்டதும் குழிக்குள் ஒரு குச்சியை நட்டு, அரை மணிக்கொரு முறை நீர்மட்டம் குறைவதைக் குறித்தால் நேரடி விடை கிடைக்கும்.

கல்வராயன் மலைப் பள்ளிகளுக்கு இதில் ஒரு கூடுதல் வாய்ப்பு. காட்டு மரத்தடி, சாமைக் கொல்லை, மரவள்ளிக் கொல்லை, ஆள் நடந்து இறுகிய தடம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே மண்ணில் இறங்காத மழைதான் ஓடையாகிக் கோமுகி அணைக்கு வேகமாக இறங்குகிறது. எந்த நிலம் எவ்வளவு குடிக்கிறது என்ற அட்டவணை அந்த மாணவர்களுடையதாகவே இருக்கும். இடத்துக்கு மூன்று டின்னாவது இறக்க வேண்டும். ஒரே கொல்லையின் மூன்று அளவுகளுக்குள் உள்ள வித்தியாசம், கொல்லைக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், எது மேல் என்று சொல்ல முடியாது. அப்படியே எழுதி வைக்கட்டும். நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. மோட்டார் சுழல்வதற்கும் பல்பு எரிவதற்கும் மதிப்பெண் அள்ளிக் கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறக்காமலே போகிறோம் என்பதும் இந்தத் தலைப்புகள் சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் உங்கள் பள்ளிக் குழியின் மூடியைத் திறந்து, சேர்ந்திருக்கும் வண்டலின் ஆழத்தை மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள்.