'எதுவும் போடாதே' என்பதை எப்படி வரைவது?

உத்திரமேரூர் சுற்றுவட்டார கிராமங்களில் இன்று ஏறக்குறைய எல்லா பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். சுகப்பிரசவம் என்றால் இரண்டு, மூன்று நாளில் தாயும் சேயும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால், தொப்புள் கொடி காய்ந்து விழ 5 முதல் 15 நாள் ஆகும். அந்த நாட்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் கழிகின்றன.

வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் பெற்றவள் இல்லை. அவளுடைய அம்மாவோ, மாமியாரோ, தெருவில் கைதேர்ந்த ஒரு பாட்டியோ செய்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களில் சிலருக்கு வராது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர்களும் உண்டு. அதனால்தான் புதிதாகப் பெற்றவளுக்கான சுவர் அட்டை, படத்தாலேயே பேச வேண்டியிருக்கிறது.

வரையவே சிரமமான படம்

கொடிக்குச் செய்ய வேண்டிய வைத்தியம், எதுவும் செய்யாமல் இருப்பதுதான். சுத்தமாகவும் உலர்வாகவும் இருந்தால் அதுவே காய்ந்து, மஞ்சளும் பச்சையுமான நிறத்திலிருந்து பழுப்பாகி, கறுத்து, விழுந்துவிடும். அதன் அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் முழுசாக மூடச் சில நாட்கள் ஆகும். அதுவரை அது கிருமிக்குத் திறந்த வாசல். மஞ்சள், திருநீறு, வசம்புக் கரி, விளக்கெண்ணெய், பவுடர் என்று எதை வைத்தாலும் ஈரமும் அழுக்கும் அங்கேயே தங்கிவிடும்.

அந்தக் காலத்தில் சாம்பலும் சாணமும் பட்டு வந்த ரணஜன்னிக்குப் பல பச்சிளம் குழந்தைகள் பலியாகியிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கொடியைச் சுத்தமான கத்தியால் அறுத்ததாலும் அந்த நோய் குறைந்தது. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது.

சரி, 'எதுவும் போடாதே' என்பதை எப்படி வரைவது? மஞ்சள் கிண்ணத்தை வரைந்து அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போடுவதுதான் வழக்கம். சிக்கல் அங்கேதான் வருகிறது. அந்தக் குறிக்கு 'கூடாது' என்று அர்த்தம் என்பது பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் சட்டென்று தெரியும். மற்றவர்கள் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் கிண்ணம். 'கொடிக்கு மஞ்சள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்' என்று நேர் எதிராகப் புரிந்துகொள்ளவும் இடமுண்டு.

தொப்புளை மட்டும் பெரிதாக்கி வரைவதும் அப்படித்தான். உடம்பிலிருந்து தனியே பிரித்த ஓர் உறுப்பை, அது என்னவென்றே அடையாளம் காண முடியாமல் போகலாம்.

இதற்குச் சுலபமான வழி, செய்ய வேண்டியதைப் பெரிதாக வரைவது. முழுக் குழந்தை படுத்திருக்கிறது. கொடி வெளியே காற்றுப்படத் தெரிகிறது. இடுப்புத் துணியின் மேல் ஓரம் கொடிக்குக் கீழே மடித்துவிடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சிரித்த முகத்தோடு அம்மா. இதுதான் பெரிய படம். கிண்ணத்தோடு வரும் கையை இன்னொரு கை மறித்து நிறுத்துவதை ஓரத்தில் சின்னதாக வரைந்தால் போதும். கொடியில் ஆஸ்பத்திரியில் போட்ட கிளிப் இருந்தால் அதையும் வரைய வேண்டும். இல்லாவிட்டால், 'இது என்ன?' என்று அதை இழுத்துப் பார்க்கும் ஆசை வரும்.

அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை அவசியம். நான்கைந்து பாட்டிமார்களிடம் படத்தைத் தனித்தனியே காட்டி, 'இதுல என்ன பண்றாங்க பாட்டி?' என்று மட்டும் கேட்க வேண்டும். 'புரியுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் பதில் வேறாக இருந்தால் மாற்ற வேண்டியது படத்தைத்தான்.

குளியலுக்கு ஐந்து படம்

முதல் குளியல், பிறந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான். எடை குறைந்த, மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இன்னும் தள்ளிப்போட வேண்டும். அதற்கு டாக்டரோ நர்ஸோ சொல்லும் நாள்தான் கணக்கு. கொடி விழும் வரை துணியால் துடைத்துவிட்டாலே போதும். தண்ணீர் பட்டால் உடனே ஆபத்து என்றில்லை. ஈரத்தை அப்படியே விடாமல் ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டையில் படங்கள் இந்த வரிசையில் வந்தால் நல்லது:

1. கதவு சாத்தியிருக்கிறது, ஃபேன் நிற்கிறது. துண்டும் மாற்றுத் துணியும் தொப்பியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள்.

2. பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்குமேல் வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்க்கிறார்கள். வெதுவெதுப்பு போதும். உள்ளங்கை வேலை செய்து காய்த்திருக்கும், அதற்குச் சூடு சரியாகத் தெரியாது.

3. கண், முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று மேலிருந்து கீழே துடைக்கிறார்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாக. தலையைக் கடைசியில் நனைக்கிறார்கள். குழந்தையின் தலை உடம்பைப் பார்க்கப் பெரிது, அது ஈரமாக இருந்தால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

4. உடனே துண்டால் ஒற்றுகிறார்கள். கொடியையும் அதன் அடியையும் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றுகிறார்கள். கொடியில் மலம் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி இதேபோல் உலர்த்த வேண்டும்.

5. தொப்பி போட்டு, அம்மாவின் மார்போடு அணைத்துப் பால் கொடுக்கிறார்கள்.

காலை நீட்டி அதில் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவது தப்பில்லை. பாட்டியின் அந்தக் கைத்திறனை மதித்து அதையே வரையலாம். மாற வேண்டியவை சில உண்டு. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். மூக்கிலும் காதிலும் வாயால் ஊதினால் கிருமி போகும். மார்புக் காம்பைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கும். சாம்பிராணிப் புகை பிஞ்சு மூச்சுக்கு ஆகாது.

எப்போது ஓட வேண்டும்?

கொடி விழும்போது ஓரிரு சொட்டு ரத்தமோ, லேசான பிசுபிசுப்போ இருந்தால் பயம் வேண்டாம். கொடியைச் சுற்றி வயிற்றுத் தோல் சிவந்து பரவுவது, சீழ், கெட்ட வாடை, நிற்காத ரத்தம் ஆகியவை ஆபத்தின் அடையாளம். பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, உடம்பு கொதிப்பது அல்லது சில்லிட்டுப்போவதும் அப்படியே. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108 என்ற எண் அந்தப் படத்துக்குள்ளேயே பெரிதாக இருக்கட்டும். மூன்று வாரமாகியும் கொடி விழாவிட்டாலும், விழுந்த இடத்தில் ஈரமான சிவப்புக் குமிழ் தெரிந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

அட்டையின் கடைசி வரி

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு தேடிப்போய்ப் பச்சிளம் குழந்தைகளைப் பார்க்கவைத்தார்கள். குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்ததை 1999-ல் வெளியிட்டார்கள். அந்த வழியில், 2011 முதல் நாடு முழுவதும் வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்கள் என்று ஆறு முறை.

அட்டையின் அடியில் அந்த ஆறு எண்களையும் ஆறு வட்டத்துக்குள் போட்டுவிட்டால், நர்ஸம்மா வந்துபோகும்போது டிக் அடிக்கலாம். ஒரு வட்டம் காலியாக நின்றால், அந்த வாரம் குழந்தையை யாரும் பார்க்கவில்லை என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்துவிடும். அட்டையை ஹாலில் மாட்ட வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்துக்கு எதிர்ச் சுவரில், மணை போட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் இருக்கட்டும்.