எந்த நாளில் வலிக்காது?

நாங்கள் வேலை செய்யும் மையத்தில் மனநல ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளுக்கென்று பழைய படிவம் ஒன்று உண்டு. பெயர், வயது, தந்தையின் தொழில், மாத வருமானம், மதம், சாதி என்று முதல் பக்கம் நிறைந்துவிடும். 'பிரச்சினை என்ன?' என்ற கேள்விக்கு இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இடம்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான் (அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்). தினமும் காலையில் வயிற்றுவலி, வாந்தி. மருத்துவர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பள்ளி கொடுத்த சீட்டில் 'தேர்வு பயம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அம்மா இருக்க, படிவத்தை மேலிருந்து கீழாகக் கேட்டோம். சாதிக் கேள்விக்கு அவன் தலையைக் குனிந்து பதில் சொன்னான். அதன்பிறகு எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல சார்" என்பதே பதில்.

பதற்றத்தை அளக்கும் GAD-7 வினாத்தாளையும் கொடுத்தோம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். அவன் எடுத்தது 14. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அந்த எண் பதற்றம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். எதனால் என்று சொல்லாது. பள்ளிச் சீட்டை நம்பி 'தேர்வு பயம்' என்றே நாங்களும் எழுதி, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினோம். தப்பு எங்களுடையது.

இரண்டு வாரம் கழித்தும் வலி நிற்கவில்லை. இந்த முறை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, படிவத்தை மூடி வைத்தோம். முதலில் ரகசியத்தைப் பற்றிப் பேசினோம்: "நீ சொல்றது எங்களோட இருக்கும் தம்பி. உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலும், பாலியல் தொல்லைன்னாலும் மட்டும் நாங்க சொல்லியாகணும்." கடைசியாகச் சொன்னது போக்சோ சட்டத்தின்படி எங்கள் கடமை. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால் அது துரோகம்.

பிறகு உடம்பிலிருந்து தொடங்கினோம். வலி எப்போது வரும்? காலையில் சைக்கிளை எடுக்கும்போது. எந்த நாளில் வராது? ஞாயிற்றுக்கிழமை வராது, மாமா ஆட்டோவில் கொண்டுபோய் விடும் நாளிலும் வராது. தேர்வு பயத்துக்குச் சைக்கிளும் ஆட்டோவும் ஒன்றுதானே? வழியில் எந்த இடத்தில் கூடும் என்று கேட்டோம். ஊர்த்தெரு முனையில் இருக்கும் டீக்கடை என்றான். அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். தெரு எது என்று தெரியாமலா கேட்கிறார்கள்?

நிஜமான ஆபத்தைக் கண்டு நடுங்கும் உடம்புக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. அதை நோய் என்று எழுதினால் டீக்கடை முனையில் நிற்பவர்கள் கோப்புக்குள் வராமலே போய்விடுகிறார்கள்.

அப்படியானால் சாதியைக் கேட்காமலே விட்டுவிடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது. கேட்கும் இடத்தையும் விதத்தையும் மாற்ற வேண்டும். நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. எங்கள் முதல் பக்கத்துக்கும் அதுதான் பொருந்தும். உதவித்தொகைக்குச் சான்றிதழ் தேவையென்றால் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஆலோசகர் கேட்க வேண்டியவை வேறு: மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்? உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களா? பள்ளிக்குப் போகும் வழியில் நீ சுற்றிப் போகும் இடம் உண்டா?

எங்கள் பிள்ளைகளின் பயம் எல்லாவற்றுக்கும் சாதிதான் காரணம் என்று முடிவு கட்டுவதும் இதே தவறுதான். சேரியிலிருந்து வந்த இன்னொரு மாணவிக்கு விடுமுறையிலும் பாட்டி வீட்டிலும்கூடப் படபடப்பு இருந்தது. 'எந்த நாளில் வராது' என்ற கேள்விக்கு அவளிடம் பதிலே இல்லை. இரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, பதற்றத்துக்கான சிகிச்சைக்கு அனுப்பினோம்.

சாக வேண்டும் என்று தோன்றியதா என்பதையும் முதல் நாளே நேராகக் கேட்கிறோம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வெறும் பயம். "ரெண்டு தடவ தோணுச்சு" என்றான் அந்தப் பையன். எப்படி என்று யோசித்தானா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று தொடர்ந்து கேட்டோம். அப்படி எதுவும் இல்லை என்றான். இதை அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்று அவனிடமே சொல்லிவிட்டு, அவனையும் வைத்துக்கொண்டு சொன்னோம். 14416 என்ற உதவி எண்ணையும் எழுதிக்கொடுத்தோம்.

இப்போது மாமா தினமும் ஆட்டோவில் விடுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, பரீட்சை முடியட்டும் சார் என்றான். அம்மாவும் அதையே சொல்கிறார். கோப்பில் அந்த வரியை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறோம்.